ஹோம்வொர்க் போட்டோ போர்ட்டல்ல காணாம போச்சா? கம்ப்ளெய்ன்ட் லெட்டர்ல பண்ணக்கூடாத தப்புங்க

நிறைய நீட், ஜேஇஇ கோச்சிங் சென்டர்ல இப்ப இதான் வழக்கம், நோட்டுல கணக்கு போட்டு, பக்கம் பக்கமா போட்டோ எடுத்து, அவங்க போர்ட்டல்ல ஏத்தணும். ஏத்துன போட்டோ ஒரு நாள் காணாம போயிடும். பசங்க கோவத்துல ஒரு மெயில் தட்டுவாங்க, அதுக்கு "உங்க புகார் பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு ரெடிமேட் பதில் வரும், அதோட கதை முடிஞ்சுது. நான் கொஞ்ச காலம் ஒரு சென்டர்ல இந்த மாதிரி மெயில் பாக்குற சீட்ல இருந்தேன், அதனால எந்த லெட்டர் எங்க போய் செத்துப்போகும்னு ஓரளவு தெரியும்.

முதல் தப்பு லெட்டர் எழுதறதுக்கு முன்னாடியே நடந்துடும். போட்டோ காணலன்னதும் பதறிப்போய் திரும்ப ஏத்திடறாங்க. இத மட்டும் உடனே பண்ணாதீங்க. நிறைய போர்ட்டல்ல ஒரு ஹோம்வொர்க்குக்கு ஒரே ஒரு சப்மிஷன் பதிவுதான் இருக்கும், நீங்க புதுசா ஏத்துனா பழைய தேதி அழிஞ்சு இன்னைக்கு தேதி உக்காந்துடும், பக்கத்துலயே லேட்னு சிவப்புல வந்துடும். அப்புறம் "நான் எட்டாம் தேதியே போட்டேன் சார்"னு சொன்னா, ஸ்க்ரீன்ல பதினொண்ணாம் தேதிதான தெரியுதுன்னு கேப்பாங்க, அவங்க கேக்கறதுலயும் தப்பு இல்ல. அதனால முதல்ல ஸ்க்ரீன்ஷாட். தேதி, நேரம், உங்க பேர், பாடம் எல்லாம் ஒரே படத்துல தெரியணும். கெடு நெருங்கிடுச்சு, திரும்ப ஏத்தியே ஆகணும்னா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெயில் அனுப்பிட்டு அப்புறம் ஏத்துங்க.

அந்த ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போதே ஒண்ண கவனிச்சு வெச்சுக்கோங்க. சப்மிஷன் பதிவு இருந்து படம் மட்டும் திறக்கலையா, இல்ல பதிவே இல்லாம `Not submitted`னு காட்டுதா? ரெண்டும் வேற வேற கோளாறு. முதல் வகைல, நீங்க அனுப்புனது அவங்க டேட்டாபேஸ்ல இருக்கு, படம் சேமிச்ச இடத்துல மட்டும் ஏதோ ஆகியிருக்கு, பழைய ஃபைல தானா அழிக்கிற செட்டிங் தப்பா ஓடியிருக்கலாம், சர்வர் மாத்தும்போது விட்டுப்போயிருக்கலாம். ரெண்டாவது வகைல, உண்மையிலயே அப்லோட் முடியாமலே கூட போயிருக்கலாம். ஐபோன்ல எடுத்த படம் ஹெச்இஐசி வகைல இருந்து போர்ட்டல் ஏத்துக்காம விட்டிருக்கும், இல்ல சைஸ் பெருசா இருந்து பாதில நின்னிருக்கும், நீங்க அது முடிஞ்சுதுன்னு நினைச்சு மூடியிருப்பீங்க. உறுதியா தெரியாதப்ப "நீங்கதான் அழிச்சீங்க"ன்னு எழுதுனா அடுத்த மெயில்லயே மாட்டிப்பீங்க. "ஏற்றியது இப்போது தெரியவில்லை"ன்னு எழுதுங்க, அது யார் மேலயும் பழி போடாது.

ரெண்டாவது பெரிய தப்பு, மொட்டையா எழுதறது. எனக்கு வந்ததுல பாதி இந்த ரகம்தான்: "உங்க போர்ட்டல் ரொம்ப மோசம், என் ஹோம்வொர்க் எல்லாம் டெலிட் ஆயிடுச்சு, இவ்ளோ ஃபீஸ் வாங்கறீங்க, உடனே நடவடிக்கை எடுங்க." இத வெச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. மெயில் பாக்கறவர் டெக்னிக்கல் ஆளு கிட்ட தள்ளுவாரு, அவரு "எந்த ஸ்டூடன்ட், எந்த தேதி"ன்னு கேட்டு திருப்பி அனுப்புவாரு, இப்படியே ஒரு வாரம் ஓடிடும். இங்கதான் ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியறதில்ல, அழிஞ்ச ஃபைலோட பேக்கப் காலத்துக்கும் இருக்காது. குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் பழைய பேக்கப் மேல புதுசு எழுதிடும், அந்த நாள் கணக்கு ஒவ்வொரு சென்டருக்கும் ஒவ்வொரு மாதிரி. நீங்க வீணாக்குற ஒவ்வொரு சுத்தும் அந்த நாள்லதான் கழியும். அதனால லெட்டர் படிச்சதும் அந்த டெக்னிக்கல் ஆளு நேரா தேட ஆரம்பிக்கற மாதிரி இருக்கணும். இப்படி:

"என் பதிவு எண் இது, பேட்ச் இது. இயற்பியல், சுழற்சி இயக்கம், மூன்றாவது ஹோம்வொர்க். ஜூலை 8 இரவு சுமார் 10.40க்கு 14 படங்கள் ஏற்றினேன், உறுதிப்படுத்தும் மெயில் 10.43க்கு வந்தது, இணைத்துள்ளேன். ஜூலை 11 காலை பார்த்தபோது சப்மிஷன் பதிவு இருக்கிறது, படங்கள் எதுவும் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டு ஆப், கணினி பிரவுசர் இரண்டிலும் பார்த்துவிட்டேன். பேக்கப் அழியும் முன் படங்களை மீட்டுத் தாருங்கள். மீட்க முடியாவிட்டால், திரும்ப ஏற்றுவதை ஜூலை 8 தேதியிட்டே ஏற்றுக்கொண்டு லேட் குறியை நீக்குங்கள். காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். ஜூலை 16க்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

அவ்ளோதான். இதுல கோவம் இல்ல, ஆனா தப்பிக்க வழியும் இல்ல. கேட்டிருக்கறது எல்லாமே அவங்களால செய்யக்கூடியது. முழு ஃபீஸையும் திருப்பி கொடுன்னு இதே லெட்டர்ல கேட்டா அது நேரா அக்கவுண்ட்ஸ் பக்கம் போயிடும், போட்டோவ தேட ஆளே இருக்காது.

ஆதாரம் அனுப்பறதுலயும் ஒரு சொதப்பல் உண்டு. ஒரிஜினல் படத்த வாட்ஸ்அப்ல சாதா போட்டோவா அனுப்பிடறாங்க. அது படத்த சுருக்கி, எடுத்த நேரம் உள்ளிட்ட உள்விவரத்த கழட்டி விட்டுடும், ஃபைல் பேரும் மாறிடும். நிறைய ஆண்ட்ராய்டு போன்ல `IMG_20250708_221436.jpg` மாதிரி பேர் விழும், அதுல 2025 ஜூலை 8, ராத்திரி 10 மணி 14 நிமிஷம்னு நேரமே இருக்கு. மெயில்ல அட்டாச் பண்ணுங்க, வாட்ஸ்அப்தான் ஒரே வழின்னா டாகுமென்ட்டா அனுப்புங்க. ஆனா இது போட்டோ எப்ப எடுத்தீங்கன்னுதான் சொல்லும், ஏத்துனீங்கன்னு சொல்லாது. ஏத்துனதுக்கு உறுதிப்படுத்தும் மெயிலோ எஸ்எம்எஸ்ஸோதான் சாட்சி, இல்லன்னா அந்த ஹோம்வொர்க்குக்கு சார் ஏற்கனவே மார்க் போட்டிருந்தா அது இன்னும் பலம், படமே இல்லாம மார்க் எப்படி போட்டாருன்னு கேக்கலாம்ல. போன்ல டெலிட் பண்ணிட்டீங்கன்னா கூகுள் போட்டோஸ் ட்ராஷ்ல பாருங்க, பேக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள்தான்.

யாருக்கு அனுப்பறீங்கங்கறதும் முக்கியம். பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல கத்துனா கூட்டம்தான் சேரும், பதிவு எதுவும் ஆகாது. போன்ல பேசுனா அதுக்கு சாட்சி கிடையாது. சேரும்போது கொடுத்த மெயில் ஐடிலேருந்தே அனுப்புங்க, பதினெட்டு ஆகலன்னா அப்பாவோ அம்மாவோ அனுப்பட்டும், டிக்கெட் நம்பர் கேட்டு வாங்கிக்கோங்க.

பதிலே வரலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்கு. அவங்க உங்க புகார சென்டருக்கு அனுப்பி பதில் கேப்பாங்க, அது கோர்ட் ஆர்டர் மாதிரி கட்டாயம் இல்ல, ஆனா தூங்கிட்டு இருந்த மெயில் எழுந்திருக்க நல்லாவே உதவும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள வழக்கு போடலாம், கட்டுன ஃபீஸ் 5 லட்சம் வரைக்கும்னா மனு கட்டணம் கிடையாது. என்னைக் கேட்டா, ஒரு ஹோம்வொர்க்குக்காக அங்க போறது வேஸ்ட், அதனால என்ன நஷ்டம் ஆச்சுன்னு நிரூபிக்கறது கஷ்டம். முதல் லெட்டர்லயே "கோர்ட்ல பாப்போம்"னு மிரட்டறதும் வேணாம், சில சென்டர்ல அந்த வார்த்தையப் பாத்ததும் மெயில லீகல் டீமுக்கு தள்ளிட்டு மத்தவங்க கை கழுவிடுவாங்க.

படம் திரும்ப வந்துடுச்சுன்னு மெயில் வந்தா உடனே "நன்றி, சரியாகிவிட்டது"ன்னு பதில் போடாதீங்க. 14 படமும் ஒவ்வொண்ணா திறந்து பாருங்க, பேக்கப்லேருந்து எடுக்கும்போது பக்க வரிசை மாறறதும், சின்ன தம்ப்நெயில் மட்டும் வந்து பெருசு வராம போறதும் உண்டு. எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிட்டு, லேட் குறி போயிடுச்சான்னும் பாத்துட்டு, அப்புறம் டிக்கெட்ட மூட சொல்லுங்க.