பண்டிகை நாளில் இன்டர்வியூ: தேதி மாற்றிக் கேட்கும்போது செய்யக்கூடாதவை

பண்டிகைக்காக இன்டர்வியூ தேதியை மாற்றித் தரச் சொல்வது தப்பில்லை. ஆள் எடுப்பவர்களுக்கும் வீடு உண்டு, பண்டிகை உண்டு. ஆனால் அந்த ஒரு மெயிலால் ஹெச்ஆருக்கு எவ்வளவு வேலை கூடுகிறது என்பதை வைத்துத்தான் உங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயம் உருவாகிறது. பேனலில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒத்துவரும் ஒரு மணி நேரத்தைத் தேடிப் பிடித்து, அறையையோ வீடியோ லிங்க்கையோ ஏற்பாடு செய்த பிறகுதான் உங்களுக்கு அழைப்பு வந்திருக்கும். தேதி மாறினால் இத்தனையையும் அவர் திரும்பச் செய்ய வேண்டும்.

அதனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தாமதம். "எப்படிக் கேட்பது, தப்பாக நினைப்பார்களோ" என்று யோசித்தே இரண்டு நாள் போய்விடுகிறது. அதற்குள் பேனல் ஆட்கள் அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டு மற்ற மீட்டிங்குகளைத் தள்ளி வைத்திருப்பார்கள். அழைப்பு வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலைக்குள் கேட்டுவிடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கேட்டால் காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எடுபடாது. பண்டிகை எந்தத் தேதி என்பது முன்பே தெரியும், ஏன் இப்போது சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

அடுத்தது, காலண்டர் அழைப்பில் அவசரப்பட்டு அழுத்தும் பட்டன். முதலில் Yes கொடுத்துவிட்டுப் பிறகு மெயில் அனுப்பினால், ஒப்புக்கொண்டு பின்வாங்கியதாக ஆகிவிடும். காரணம் எதுவும் எழுதாமல் No கொடுப்பது இன்னும் ஆபத்து. இவருக்கு இந்த வேலையே வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்தவரை அழைத்துவிடக்கூடும். பட்டனைத் தொடாமல் முதலில் மெயில் அனுப்பி, பதில் வந்த பிறகு காலண்டரைச் சரிசெய்யுங்கள். அழைப்பு மெயிலிலேயே Reschedule என்று லிங்க் இருந்தால் அதைப் பயன்படுத்துவதுதான் முறை. அனுப்புநர் முகவரியில் no-reply என்று இருந்தால் அதற்குப் பதில் எழுதிப் பயனில்லை, யாரும் படிக்க மாட்டார்கள். உங்களோடு ஏற்கெனவே பேசிய ஹெச்ஆரின் முகவரிக்கு அனுப்புங்கள். பேனலில் இருப்பவரை நேரடியாகத் தொடர்புகொள்ளவே கூடாது. ஹெச்ஆருக்குத் தெரியாமல் தேதி மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

மெயிலில் என்ன எழுதுவது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். திங்கள் மாலை அழைப்பு வருகிறது. இன்டர்வியூ வியாழன் காலை 11 மணிக்கு. அன்றைக்குத்தான் பண்டிகை. பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம். வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பண்டிகை என்பதால் என்னால் வர இயலாது. தயவுசெய்து வேறு தேதி தரவும். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கான இன்டர்வியூ என்று இல்லை, ஒரே நாளில் பலரோடு பேசும் ஹெச்ஆர் தேடிப் பார்க்க வேண்டும். மாற்றுத் தேதியும் இல்லை. அவர் ஒரு தேதி சொல்லி, அதுவும் உங்களுக்குச் சரிவராமல், திரும்ப எழுதி என்று மூன்று நான்கு மெயில் போகும். "எந்த நாளும் சரி" என்று எழுதுவதிலும் இதே சிக்கல்தான். தாராளமாகத் தெரிந்தாலும், தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. இதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம். கணக்காளர் பணிக்கான இன்டர்வியூவுக்கு அழைத்ததற்கு நன்றி. வியாழன் காலை 11 மணி என்று குறித்திருக்கிறீர்கள். அன்று எங்கள் குடும்பத்தின் முக்கியப் பண்டிகை. முடியுமானால் புதன் மதியம் 2 முதல் 6 மணிக்குள்ளோ, வெள்ளி காலை 10 முதல் 1 மணிக்குள்ளோ மாற்றித் தர இயலுமா? இந்த நேரங்கள் ஒத்துவராவிட்டால், அடுத்த திங்கள் முழுவதும் நான் தயாராக இருக்கிறேன்."

இதில் புதன்கிழமைதான் முக்கியம். குறித்த தேதிக்கு முந்தின நாளையும் சேர்த்துச் சொன்னால், தயாராக இன்னும் நேரம் பிடுங்கத்தான் கேட்கிறார் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. பத்து நாள் கழித்து ஒரு தேதியை மட்டும் கேட்டால் அந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். அதற்குள் அந்த இடம் நிரம்பிவிடவும் வாய்ப்பு உண்டு. நேரத்தை மூன்று நான்கு மணி அகலத்தில் சொல்வதும் தேவை. "வெள்ளி 10.30" என்று ஒற்றை நேரம் கொடுத்தால் பேனலில் ஒருவருக்குச் சரிவராதபோது எல்லாம் கெட்டுவிடும். ஹெச்ஆர் வேறு நாட்டில் இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதுங்கள்.

நேரங்களை எழுதும் முன் பயணத்தைக் கணக்குப் பாருங்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர் மறுநாள் காலை பஸ்ஸிலோ ரயிலிலோ இருப்பார். அதை மறந்து வெள்ளியைச் சொல்லிவிட்டு இரண்டாவது முறை மாற்றக் கேட்டால், அப்போது பொறுப்பில்லாதவர் என்ற பெயர் நிஜமாகவே வரும். பிறை பார்த்து முடிவாகும் பண்டிகை என்றால், வரக்கூடிய இரண்டு நாளையும் முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரணத்துக்கு ஒரு வரி போதும். எந்தெந்த உறவினர் வருகிறார்கள், என்னென்ன சடங்கு, போகாவிட்டால் வீட்டில் யார் வருத்தப்படுவார்கள் என்று பத்தி பத்தியாக எழுதினால் கெஞ்சுவது போல ஆகிவிடும். அந்தப் பண்டிகையை அறியாதவர் என்று தோன்றினால் பெயரைச் சொல்லி, குடும்பமாகச் சேர்ந்து கொண்டாடும் நாள் என்று மட்டும் சேர்க்கலாம். காய்ச்சல், திடீர் மரணம் என்று பொய் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். "இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று இன்டர்வியூவின் முதல் கேள்வியாகவே கேட்பார்கள். அன்றைக்குப் பண்டிகைப் படங்களை நீங்கள் போடாவிட்டாலும் உறவினர் யாராவது போட்டுவிடுவார்கள்.

போனில் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டு, பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தீர்களா? அதை மறைக்காமல், "போனில் ஒப்புக்கொண்டபோது அன்று பண்டிகை என்பதைக் கவனிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே மாற்று நேரங்களுக்கு வந்துவிடுங்கள்.

ஒரு வேலை நாள் முழுதும் பதில் வரவில்லை என்றால் போனில் கேளுங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடக் கூடாது. புதிய தேதி உறுதியாகும்வரை பழைய தேதிதான் நிற்கிறது. புதிய அழைப்பு வந்ததும் நாள், நேரம், லிங்க் மூன்றையும் சரிபார்த்து, அன்றே ஒப்புதல் கொடுங்கள்.

சில இன்டர்வியூக்களில் தேதி மாறாது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரை அழைக்கும் நேரடித் தேர்வு, வரிசை எண் போட்டு அட்டவணை வெளியிடும் அரசுப் பணித் தேர்வு போன்றவற்றில், மாற்றம் பற்றிய விதி அழைப்புக் கடிதத்திலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மாற்ற முடியாது என்றாலும், அதே நாளில் வேளையை மாற்றித் தருவார்களா என்று கேட்க இடமுண்டு. "காலை முதல் ஆளாக வரலாமா?" என்ற கேள்விக்குப் பலமுறை சரி என்ற பதில் கிடைக்கிறது. வீடியோ இன்டர்வியூ என்றால் ஆட்கள் கூடியிருக்கும் வீட்டில் உட்காராமல், சத்தமில்லாத வேறு இடத்தை முந்தின நாளே பார்த்து, நெட் எப்படி வருகிறது என்று அங்கிருந்தே ஒரு அழைப்பு போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.