(a) விடையை (c) வரை கொண்டுபோவது எப்படி: ஒரு கூடுதல் கணிதக் கேள்வி

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டியூஷனுக்கு வரும் படிவம் 5 பிள்ளைகள் ராத்திரியில் வாட்ஸ்அப்பில் கேள்வியைப் படமெடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் "டீச்சர், (c) மட்டும் வரல" என்று ஒரு வரி இருக்கும். படத்திலும் (c) மட்டும்தான் இருக்கும். ஆனால் (c) வராததற்குக் காரணம் பெரும்பாலும் (c)-யில் இருப்பதில்லை. அது (a)-வில் இருக்கும், அல்லது (a)-விலிருந்து விடையை எடுத்து வந்த விதத்தில் இருக்கும். சுற்றளவு, பரப்பளவு கேட்கும் ஒரு ரேடியன் கேள்வியை வைத்து இதை முழுசாகப் பார்ப்போம்.

படத்தில் என்னென்ன இருக்க வேண்டும்

பகுதிகள் தொடங்கும் முன் மேலே இரண்டு மூன்று வரிகள் இருக்கும். அந்தத் தகவல் எல்லாப் பகுதிக்கும் பொது. அதையும் வரைபடத்தையும் வெட்டிவிட்டால் கீழே உள்ள எதையும் செய்ய முடியாது. சில கேள்விகளில் (c) அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தாளைத் திருப்பி அதையும் எடுங்கள். லைன் சரியில்லாத இடமாக இருந்தால், படத்தை 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், வரைபடத்தில் உள்ள சின்ன எண்கள் கலங்கிப்போகும்.

நம் கேள்வி இது. O மையமாக, ஆரம் 10 செ.மீ. கொண்ட வட்டக்கோணப்பகுதி OAB. நாண் AB-யின் நீளம் 12 செ.மீ. நாணுக்கும் வில்லுக்கும் நடுவில் உள்ள பகுதிக்கு நிழலிட்டிருக்கிறார்கள். (a) கோணம் AOB-ஐ ரேடியனில் காண்க. (b) செதெருஸ்ஞா, நிழலிட்ட பகுதியின் சுற்றளவைக் காண்க. (c) அதன் பரப்பளவைக் காண்க.

(b)-யில் இருக்கும் 'செதெருஸ்ஞா', ஆங்கிலத்தில் 'ஹென்ஸ்', முந்தின விடையை எடுத்துப் பயன்படுத்து என்கிற கட்டளை. (c)-யில் அது இல்லை. அதனால் (c)-க்கு முந்தின விடை தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

எதிலிருந்து எதற்கு அம்பு

கணக்கைத் தொடங்கும் முன் தாளின் ஓரத்தில் a, b, c என்று எழுதி, எது எதற்குத் தேவை என்று அம்பு போடுங்கள். சுற்றளவுக்கு வில்லின் நீளம் வேண்டும், அதற்குக் கோணம் வேண்டும். ஆகவே a-யிலிருந்து b-க்கு ஓர் அம்பு. பரப்பளவுக்கும் கோணம் வேண்டும். ஆகவே a-யிலிருந்து c-க்கு இன்னொன்று. b-யிலிருந்து c-க்கு அம்பு தேவையில்லை.

வில்லின் நீளத்தை வைத்தும் பரப்பளவைக் கண்டுபிடிக்கலாம், உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் (b)-யில் நடந்த பிசகு (c)-யையும் கெடுத்துவிடும். கைமாறுகிற இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

(a): கோணம்

O-விலிருந்து நாணின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். செங்கோண முக்கோணம் கிடைக்கும்: கர்ணம் 10, எதிர்ப்பக்கம் 6. அதில் வருவது பாதிக் கோணம்தான், இரண்டால் பெருக்க வேண்டும். கால்குலேட்டர் திரையின் மேலே ரேடியனுக்கான R தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

```
θ = 2 sin⁻¹(6 ÷ 10)
  = 1.287002218
```

தாளில் 1.287 என்று எழுதுங்கள். கால்குலேட்டரில் முழு எண்ணையும் அப்படியே A-வில் சேமித்துவிடுங்கள் (STO, A). Ans-ஐ நம்பி இருக்காதீர்கள். அடுத்த கணக்கைத் தட்டி = அழுத்தியதும் அதில் இருந்தது போய்விடும்.

(b): சுற்றளவு

```
θ = 1.287  [(a)-இலிருந்து]
வில் AB = 10 × 1.287 = 12.87
சுற்றளவு = 12.87 + 12 = 24.87 செ.மீ.
```

முதல் வரியைப் பலரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். விடைத்திட்டத்தில் K என்பது செய்முறைக்கான புள்ளி, N என்பது சரியான மதிப்புக்கான புள்ளி. (a)-வில் கோணம் தப்பாகிப் போனாலும், அந்தக் கோணத்தை எடுத்து ஆரத்தால் சரியாகப் பெருக்கியிருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்தால்தான் K-க்கு வாய்ப்பு. வெறும் விடையை மட்டும் எழுதினால், அது தப்பாக இருக்கும்போது கொடுப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

(c): கழிக்கும் இடத்தில் கவனம்

முக்கோணத்தின் உயரம் 8 (6, 8, 10). அதன் பரப்பு ½ × 12 × 8 = 48. இது துல்லியமான எண், இதில் கோணமே வரவில்லை.

```
கோணப்பகுதி = ½ × 10² × 1.287 = 64.35
நிழலிட்ட பகுதி = 64.35 − 48 = 16.35 செ.மீ.²
```

இப்போது அதே கணக்கை 1.3 என்று சுருக்கிய கோணத்தோடு செய்து பாருங்கள். கோணப்பகுதி 65, விடை 17. 1.287-க்கும் 1.3-க்கும் உள்ள வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான். விடையில் அது நூற்றில் நான்கு பங்காகிவிட்டது. பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழிக்கும்போது மிஞ்சுவது சின்ன எண், ஆனால் தவறு முழுசாக அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் நடு வரிகளில் குறைந்தது நான்கு பொருளுடை இலக்கங்களை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சுருக்குவதெல்லாம் கடைசி வரியில், கேள்வி கேட்ட அளவுக்கு.

விடை ஒத்துவரவில்லையா? அம்பைப் பிடித்துப் பின்னால் போங்கள்

(c)-யில் எதிர்மறை எண் வந்தால் (c)-யையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். இரண்டால் பெருக்க மறந்தால் கோணம் 0.6435 ஆகும், கோணப்பகுதி 32.18 ஆகும், அதிலிருந்து 48-ஐக் கழிக்கவே முடியாது. இந்தத் தவறு (b)-யிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்: வில் 6.435, நாண் 12. வளைந்து போகும் வில், நேராகப் போகும் நாணைவிடக் குட்டையாக இருக்கவே முடியாது. வில் 737 செ.மீ. என்று வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. (a)-விலேயே Math ERROR வந்தால் படத்தில் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கலாம். 12-ஐ 21 என்று படித்தால் எதிர்ப்பக்கம் கர்ணத்தைவிடப் பெரிதாகிவிடும்.

எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும் கோணத்தை ஒரு தடவை சோதியுங்கள். முக்கோணத்தின் பரப்பை ½ × 10² × sin A என்று, சேமித்த கோணத்தை வைத்துப் போடுங்கள். 48 வந்தால் கோணம் சரி. ½ × 10 × 12.87 என்று போட்டும் 64.35 வரும், ஆனால் அது (b)-யும் (c)-யும் ஒத்துப்போகின்றன என்று மட்டும்தான் காட்டும். (a) தப்பாக இருந்தாலும் அவை ஒத்துப்போகும்.

(a)-வைத் திருத்தினால் (b), (c) இரண்டையும் திருத்த வேண்டும். A-வில் புதுக் கோணத்தைச் சேமித்து, அம்பு போகும் இடமெல்லாம் மறுபடி போடுங்கள். (a)-வை மட்டும் வெட்டி எழுதிவிட்டு (b)-யில் பழைய எண்ணை விட்டுவைத்த தாள்களை நிறையப் பார்க்கிறேன்.

அப்புறம், சில கேள்விகளில் (a) 'துன்ஜுக்கான் பஹாவா' என்று தொடங்கும்: கோணம் 1.287 என்று காட்டுக. அங்கே விடையை அவர்களே கொடுத்துவிட்டார்கள். நிரூபிக்க வரவில்லை என்றால் (a)-வுக்கு இடம் விட்டுவிட்டு, அந்த 1.287-ஐ எடுத்துக்கொண்டு நேராக (b)-க்குப் போங்கள்.