வியாபார அனுமதிப்பத்திரப் புதுப்பித்தல்: நிலை கேட்டு எழுதும்போது

வவுனியா மாநகர சபைக்குப் புதுப்பித்தல் விண்ணப்பம் கொடுத்துப் பல வாரங்களாகியும் பதில் வராவிட்டால், ஆணையாளருக்கு முகவரியிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பலர் பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு இலக்கத்தை மட்டும் குறிப்பிடுகிறார்கள். அது வேறு அலுவலகத்தின் ஆவணம் என்பதால், சபைக் கோப்பைத் தேட அது போதாது. கடந்த ஆண்டு அனுமதிப்பத்திர இலக்கம், கடை அமைந்த ஆதனத்தின் வரி இலக்கம், பணம் செலுத்தியிருந்தால் பற்றுச்சீட்டு இலக்கமும் திகதியும் ஆகியவற்றைத் தலைப்பின் கீழேயே எழுதிவிடுங்கள்.

உணவகமாயின், தாமதம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையில் இருக்கலாம். ஆகவே, “நிலை என்ன” என்று பொதுவாகக் கேட்பதைவிட இப்படிக் கேட்பது நல்லது:

“2026ஆம் ஆண்டுக்கான எனது உணவக அனுமதிப்பத்திர விண்ணப்பம் தொடர்பில் சுகாதாரப் பரிசோதனை அறிக்கை கிடைத்துள்ளதா என்பதையும், இல்லையெனில் என்னால் சமர்ப்பிக்கப்பட வேண்டியது ஏதேனும் உண்டா என்பதையும் எழுத்தில் அறியத்தருமாறு வேண்டுகிறேன்.”

பற்றுச்சீட்டின் பிரதியை மட்டும் இணையுங்கள். மூலம் கடையிலேயே இருக்கட்டும். கடிதத்தை நேரில் கொடுத்தால், உங்கள் பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். தபாலில் என்றால் பதிவுத்தபால்.