பாய்வுப்படத்தின் விடையைக் கணிக்க ஒரு சிறு அட்டவணை

ஸ்கிரீன்ஷாட்டாகக் கிடைத்த ஒரு பாய்வுப்படத்தின் விடையைக் கணிக்க, ஒவ்வொரு மாறிக்கும் தாளில் ஒரு பத்தி ஒதுக்கி, மதிப்பு மாறும்போதெல்லாம் அதன் கீழே எழுதியவாறு அம்புக்குறியைப் பின்தொடருங்கள்.

தொடக்கத்தில் `i = 1`, `S = 0` என்றும், சாய்சதுரத்தில் `i <= N` என்றும், ‘ஆம்’ எனில் முதலில் `i = i + 1`, அடுத்து `S = S + i` செய்து சாய்சதுரத்துக்கே திரும்புவதாகவும், ‘இல்லை’ எனில் `S` அச்சிடப்படுவதாகவும் கொள்வோம். உள்ளீடான `N` 4 என்றால் `S` முறையே 2, 5, 9, 14 ஆகிறது. அப்போது `i` 5 ஆகிவிட்டதால் நிபந்தனை பொய்யாகி, 14 வெளிவருகிறது.

1 முதல் 4 வரை கூட்டுவதாக எண்ணி 10 என்று எழுதுவோர், கூட்டலுக்கு முன்பே `i` உயர்வதைக் கவனிப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கிச் சாய்சதுரத்தில் உள்ள குறியையும் சரிபாருங்கள். அது `<` எனில் ஒரு சுற்று குறைந்து விடை 9 ஆகும்.