மூன்று நிறம், பன்னிரண்டு மாதம்: ஒரே தோற்றத்தில் ஒரு சுவர் காலண்டர்

பன்னிரண்டு படங்களுக்கும் ஒரே ஃபில்டரைப் போட்டால் காலண்டர் ஒரே மாதிரி வந்துவிடும் என்று நினைத்துத்தான் முதல் காலண்டரை ஆரம்பித்தேன். அச்சாகி வந்தபோது பிப்ரவரி கருநீலத்தில் மூழ்கியிருந்தது, மார்ச் வெளுத்துக் கிடந்தது. போட்ட ஃபில்டர் ஒன்றுதான், உள்ளே போன படங்களின் வெளிச்சம் வேறு வேறு. அதனால் கீழே உள்ள வேலைகளில் பாதி, நிறத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். இலவச மென்பொருளான GIMP போதும்.

1. நிறங்களை முடிவு செய்யுங்கள்

மூன்று நிறம் போதும். இருட்டான பகுதிக்குக் கருநீலம் `#1B2A41`, நடுத்தர வெளிச்சத்துக்குச் செங்கல் நிறம் `#C8553D`, வெளிச்சமான பகுதிக்கு வெண்மஞ்சள் `#F4E9D8` என்று வைத்துக்கொள்வோம். தேதிகளைக் கருநீலத்திலும் விடுமுறை நாட்களைச் செங்கல் நிறத்திலும் போட்டால் படமும் கட்டமும் ஒட்டிப் போகும்.

2. படங்களைக் கறுப்பு வெள்ளையில் தேர்ந்தெடுங்கள்

முப்பது நாற்பது படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அசல் நிறம் எப்படியும் போய்விடப் போகிறது. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூ கண்ணைப் பறிக்கும். ஆனால் இலையும் பூவும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தால், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல்தான், பூவைத் தேட வேண்டியிருக்கும். மனசுக்குப் பிடித்த படமாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்து நிழல் தெளிவாகத் தெரியும் படங்கள்தான் இந்தப் பாணிக்குக் கைகொடுக்கும்.

3. எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள்

A4 தாள், படுக்கைவாட்டில். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும். ஆக 303 × 216 மி.மீ., அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 3579 × 2551 பிக்சல். மேலே ஸ்பைரல் துளை வருமென்றால் அந்த ஓரத்தில் 15 மி.மீ. அளவுக்கு முகமோ முக்கியமான எதுவுமோ வர வேண்டாம்.

இதை ஃபில்டருக்கு முன்பே செய்வதற்குக் காரணம் உண்டு. ஓவியம் போலக் காட்டும் ஃபில்டர்கள் தூரிகையின் அளவைப் பிக்சலில் கணக்கிடுகின்றன. 7000 பிக்சல் அகலப் படத்தில் போட்டுவிட்டுப் பிறகு பாதியாகச் சுருக்கினால் தூரிகைத் தடமும் பாதியாகிவிடும். ஒரு மாதம் மெல்லிய தடம், அடுத்த மாதம் தடித்த தடம் என்று வந்து நிற்கும்.

4. வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள்

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு Histogram பலகத்தைத் திறந்தால் Mean என்று ஒரு எண் தெரியும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. என் காலண்டரில் மாலை நேரத்துப் படகு ஒன்று 62 காட்டியது, மூடுபனிப் பாதை ஒன்று 188. `Colors > Levels` திறந்து, நடுவில் உள்ள முக்கோணத்தைப் படகுக்கு இடப்பக்கமும் பாதைக்கு வலப்பக்கமும் நகர்த்தினேன். இரண்டும் 110-க்கும் 140-க்கும் இடையில் வந்தன. அப்புறம்தான் படகின் பலகைகள் நிழலிலிருந்து வெளியே வந்தன. எண் சரியாகியும் படம் மங்கலாகத் தெரிந்தால், இரண்டு ஓர முக்கோணங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். இருட்டான படத்தை ரொம்பவும் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். அப்படியானால் வேறு படம் தேடுவதே மேல்.

5. பாணி, பிறகு நிறம்

`Filters > Artistic > Oilify` போட்டு, ஒரு படத்தில் பிடித்த எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள். பிறகு Gradients பலகத்தில் புதிதாக ஒன்று உருவாக்கி, இடது ஓரத்தில் கருநீலம், நடுவில் செங்கல், வலது ஓரத்தில் வெண்மஞ்சள் வையுங்கள். அது தேர்வில் இருக்கும்போது `Colors > Map > Gradient Map`. படம் இன்னும் Grayscale முறையில் இருந்தால் முதலில் `Image > Mode > RGB` மாற்றுங்கள், இல்லையென்றால் நிறம் ஏறாது.

6. வரிசையும் சோதனை அச்சும்

பன்னிரண்டையும் சிறிதாக்கி ஒரே திரையில் நாலு வரிசையாக அடுக்கி, எழுந்து பின்னால் தள்ளி நின்று பாருங்கள். துருத்திக்கொண்டு தெரிவதை நாலாவது படிக்குத் திருப்பி அனுப்புங்கள். அண்மைக் காட்சியையும் தூரக் காட்சியையும் மாற்றி மாற்றி வையுங்கள், தாள் புரளும்போது மாற்றம் தெரிய வேண்டும்.

முழுதாக அச்சிடும் முன் இருப்பதிலேயே இருட்டான பக்கத்தையும் வெளிச்சமான பக்கத்தையும் மட்டும், அதே தாளில் எடுத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள். திரை தானே ஒளிர்வது, தாள் அப்படியல்ல. கருநீலம் கறுப்பாக அடைத்துக்கொண்டால் அந்த ஒரு நிறத்தை மட்டும் `#2A3C58` என்று தூக்கி, ஐந்தாவது படியின் கடைசி வேலையைப் பன்னிரண்டு படங்களுக்கும் திரும்பச் செய்யுங்கள். இதற்காகவே, நிறம் ஏற்றாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளைத் தனியாகச் சேமித்து வைத்திருக்க வேண்டும்.