மெதுவாகக் கற்கும் நல்ல ஆளுக்குப் புரொபேஷன் ரிவ்யூ எழுதும்போது நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சில வருடம் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். புதிதாகச் சேரும் சூப்பர்வைசர்களுக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதன் முடிவில் ரிவ்யூ எழுதுவது என் வேலை. சோம்பேறிக்கு எழுதுவதில் சிரமமே இல்லை. சட்டென்று பிடித்துக்கொள்கிறவனுக்கு எழுதுவதும் சுலபம். நேரத்துக்கு வந்து, சொன்னதைக் கேட்டு, மனசோடு உழைத்தும் வேலை மட்டும் சீக்கிரம் பிடிபடாத ஆளுக்கு எழுதும்போதுதான் பேனா நின்றுவிடும். அப்படி ஒரு தம்பிக்கு எழுதப் போய் நான் கிட்டத்தட்டச் செய்துவிட்ட தவறுகளை வைத்தே இதைச் சொல்கிறேன்.

அவர் டிசம்பர் முதல் தேதி டிரையர் பகுதிக்குச் சேர்ந்தார். வாட்டி, அரைத்து, புளித்த தேயிலை டிரையருக்குள் போய்க் காய்ந்து வெளியே வரும். டிரையர் வாயில் மணிக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து ஈரப்பதம் பார்க்க வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் அது இரண்டரையிலிருந்து மூன்றரை சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஈரம் கூடினால் குன்னூர் ஏலத்துக்குப் போகும் முன்பே தூளின் சுவை மங்கிவிடும். ரொம்பக் காய்ந்தால் கோப்பையில் தீய்ந்த வாசனை வரும். இலை உள்ளே விழும் அளவையும் காற்றின் சூட்டையும் மாற்றி மாற்றி அந்த எல்லைக்குள் பிடித்து நிறுத்துவதுதான் வேலையே.

எங்களிடம் இருந்த ரிவ்யூ படிவத்தில் பத்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். நேரம் தவறாமை, பணிவு, ஒத்துழைப்பு, வருகை, ஆர்வம் என்ற ஐந்துக்கும் சேர்த்து இவருக்கு 24 போட்டிருந்தேன். வேலை தொடர்பான ஐந்துக்குச் சேர்த்து 10. மொத்தம் 34. முப்பது இருந்தால் நிரந்தரம் என்பது கணக்கு. ஆக, தேறிவிட்டார்! ஆனால் டிரையரை அவரிடம் தனியாக விட்டுவிட்டு, தூள் தயாரிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீ மேக்கர் அரை மணி நேரம் கண்ணயர முடியாது. பிறகு அந்த 34-க்கு என்ன அர்த்தம்?

முதல் தவறு இப்படிக் கூட்டுவதுதான். கூட்டினால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். பணிவுக்கு வாங்கிய ஐந்து மதிப்பெண் தூளின் ஈரத்தைக் குறைக்காது. அதே கூட்டல் மறுபக்கமும் அநியாயம் செய்யும். வேலைக் கேள்விகளுக்கு எடை கூடுதலாக உள்ள படிவமாக இருந்தால், இதே ஆளை எதுவும் யோசிக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஒவ்வொரு வேலைக்கும் எதைக்கொண்டும் ஈடுகட்ட முடியாத ஒன்றோ இரண்டோ உண்டு. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, ‘இன்றைக்குத் தனியாகச் செய்கிறாரா, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்கிறாரா, இருந்தும் முடியவில்லையா’ என்று மட்டும் எழுதுங்கள். மதிப்பெண் வேண்டாம். இந்தத் தம்பி நடு நிலையில் இருந்தார்: பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார்.

அடுத்த தவறு, ‘நல்ல பையன், நல்ல மனப்பான்மை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது. அந்த வரியை எழுதுகிறவர் பெரும்பாலும் தனக்கு இதமாக இருந்த விஷயங்களைத்தான் மனதில் வைத்திருப்பார். நானும் அப்படித்தான். லீவு நாளில் கூப்பிட்டாலும் வருவார், பனிக் காலையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டில் நிற்பார், முகம் சுளிக்கமாட்டார். இவையெல்லாம் நல்ல குணங்கள்தான். ஆனால் வேலையைக் கற்பதற்கு இவை உதவுகின்றனவா என்பது வேறு கேள்வி.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை மூன்று மணிக்கு, ஐந்து சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டிய ஒரு குவியலை இவர் மற்றதோடு கலக்காமல் தனியே தள்ளி வைத்தார். டீ மேக்கரைக் கூப்பிட்டு, “சார், நான்தான் சூட்டைக் குறைச்சுட்டேன், என்ன பண்ணட்டும்?” என்று கேட்டார். கலந்துவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் மெதுவாகக் கற்கிற ஒருவரை நம்பி வைத்துக்கொள்ள உண்மையான காரணம். ஏனென்றால் கற்கிற காலத்தில் நமக்கு ஆகும் நஷ்டத்துக்கு அது ஒரு எல்லை கட்டுகிறது. அதனால் மனப்பான்மை என்ற வார்த்தையைவிடத் தேதியோடு சம்பவத்தை எழுதுங்கள். அப்படி இரண்டு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் பார்த்தது மரியாதையை மட்டும்தான்.

சரி, மெதுவாகக் கற்கிறார் என்கிறோமே, அது எவ்வளவு மெது? இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைசியாக நடந்த சொதப்பல் மட்டும் மனதில் நிற்கும். எங்களிடம் டிரையர் ரிஜிஸ்டர் இருந்தது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு எட்டு சாம்பிள். அதை மாதவாரியாக எண்ணினேன். பிப்ரவரியில் 96 சாம்பிளில் 30 எல்லைக்கு வெளியே. மார்ச்சில் 112-ல் 21. ஏப்ரலில் 72-ல் 19. நூற்றுக்குக் கணக்கிட்டால் 31, 19, 26. மே மாதத் தொடக்கத்தில் ரிவ்யூ எழுத உட்கார்ந்தபோது என் கண்ணில் பட்டது அந்தக் கடைசி எண்தான். ‘தேறி வந்தவர் மறுபடி சரிந்துவிட்டார்’ என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் ஏப்ரல் நம் மலையில் எப்படிப்பட்ட மாதம்? டிசம்பர், ஜனவரியில் உறைபனி. இலை குறைவு, மெஷின் நிதானமாக ஓடும். ஏப்ரலில் கோடை மழை விழுந்ததும் கொழுந்து பொலபொலவென்று வரும். நனைந்த இலை, சரியாக வாடாத இலை, லாரி லாரியாக வந்து இறங்கும். பனிக்காலத்தில் கற்ற கைக்கு அது புது வேலை. உடனே பக்கத்து ஷிஃப்டைப் பார்த்தேன். பல வருட அனுபவமுள்ள ஆளுக்கே அந்த மாதம் நூற்றுக்கு 4-லிருந்து 9 ஆகியிருந்தது. அப்படியானால் இவருடைய ஏற்றத்தில் ஒரு பங்கு சீசனுடையது. ஊட்டியில் ஹோட்டல் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். நவம்பரில் சேர்ந்த ரிசப்ஷன் பையனை மே மாதக் கூட்டத்தை வைத்து எடைபோட்டால், அதே கூட்டத்தில் பழைய ஆள் எத்தனை தவறு செய்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையை விடவும் எனக்கு உதவியது தவறுகளின் வகை. சொல்லிக் கொடுத்த பிறகும் அதே தவறு வருகிறதா, புதுப் புதுத் தவறா? புதுசு என்றால் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார். இவருடையது அதே தவறு. ஈரம் கூடியிருக்கும். சூட்டை ஏற்றுவார். அடுத்து ரொம்பக் காய்ந்து வரும். இறக்குவார். மறுபடி ஈரம். ரிஜிஸ்டரில் மேலும் கீழுமாக ஊஞ்சல் ஆடியது. அங்கே ‘திருத்தினாலும் திருந்தவில்லை’ என்று எழுதியிருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக ஆகியிருக்கும்.

ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“சூட்டை மாத்தினதும் என்ன செய்றீங்க தம்பி?”

“அஞ்சு நிமிஷத்தில திரும்ப மீட்டர் வச்சுப் பார்ப்பேன் சார். மாறலைன்னா இன்னும் கொஞ்சம் ஏத்துவேன்.”

எங்கள் டிரையரில் உள்ளே போன தூள் வெளியே வர 18 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் அவர் மீட்டரில் பார்ப்பது, மாற்றுவதற்கு முன்பே பாதிக்கு மேல் காய்ந்துவிட்ட தூள். மாறவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றுகிறார். இரண்டு ஏற்றமும் சேர்ந்து பிறகு வெளியே வருகிறது. பழைய ஆட்களுக்கு இது கைப்பழக்கமாகிவிட்டதால் வாய் திறந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதம் அவர் பெயரில் எழுதப்பட்ட பலவீனத்தில் பாதி, நாங்கள் சொல்லிக் கொடுக்காதது. ‘மாற்றிய பிறகு 20 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்’ என்று ஒரே ஒரு வரி சொன்னோம். மே மாதம் 96-ல் 9.

எல்லாக் கதையும் இப்படி முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கற்றுக் கொடுக்கும் முறையை மாற்றி, ஆளை மாற்றி, நாலைந்து வாரம் கொடுத்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால், அந்த வேலை அவருக்கு இல்லை. எத்தனை நல்லவராக இருந்தாலும் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் மரியாதை. ‘வேறு பகுதியில் பார்க்கலாம்’ என்று சொல்வதும் அங்கே உண்மையிலேயே இடம் காலியாக இருந்தால்தான்.

இவருக்கு மே மாதக் கணக்கு நன்றாக இருந்தாலும் நான் உடனே நிரந்தரம் எழுதவில்லை. பன்னிரண்டு ஷிஃப்டில் இரண்டில் மட்டும் தலா மூன்று சாம்பிள் வெளியே போயிருந்தது. தென்மேற்குப் பருவமழையின் ஈர இலையை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு தடவை மூன்று மாதம் நீட்டிக்க இடமிருந்தது. நீட்டிப்பிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு. ‘முன்னேற்றம் தேவை, மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது’ என்று மொட்டையாக எழுதிக் கொடுப்பார்கள். வாங்கியவருக்கு எதில் முன்னேற வேண்டும் என்றே தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே வரி. தமிழ்நாட்டில் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் சட்டமே வந்தது. இழுத்துக்கொண்டே போக முடியாது, போகவும் கூடாது.

கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘டிரையரைப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது சரியாக நடத்துகிறீர்கள். தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்கிறீர்கள். பிப்ரவரியில் ஈரக் குவியலைத் தனியே வைத்தது அதற்குச் சாட்சி. ஜூலை மாதம் முழுக்கத் தனியாக ஷிஃப்ட் பார்க்க வேண்டும். எந்த ஷிஃப்டிலும் ஒன்றுக்கு மேல் சாம்பிள் எல்லைக்கு வெளியே போகக் கூடாது. வாரம் ஒரு நாள் டீ மேக்கர் உங்களோடு நின்று ரிஜிஸ்டரைப் பார்ப்பார். ஆகஸ்ட் 10-ம் தேதி முடிவு சொல்வோம்.’ கையில் கொடுக்கும் முன் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். “ஜூலைன்னா நல்ல மழை சார்” என்றார். “அதனாலதான் தம்பி ஜூலை” என்றேன்.

ஆகஸ்ட் 10 அன்று பார்த்தபோது, ஜூலை ரிஜிஸ்டரில் ஒரே ஒரு ஷிஃப்டில் மட்டும் இரண்டு சாம்பிள் எல்லைக்கு வெளியே போயிருந்தது. அந்த ஷிஃப்ட் நடந்த ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு நிரந்தர ஆணை கொடுத்தோம். இலை புளித்த பதத்தை நிறத்தையும் வாசனையையும் வைத்துச் சொல்வதில் அவர் அப்போதும் பின்தங்கித்தான் இருந்தார். டிரையர் வேலைக்கு அது தடையில்லை, டீ மேக்கராக உயர அது வேண்டும் என்று அந்த ஆணையோடு தந்த குறிப்பிலேயே எழுதியிருந்தேன்.