பெனடிக்ட் டைட்ரேஷன்: குளுக்கோஸ் அளவிடுவதும் அதில் வரும் வைவா கேள்விகளும்

பி.எஸ்சி. உயிர்வேதியியல் பிராக்டிகலில் குளுக்கோஸ் எஸ்டிமேஷன் விழுந்தால் சிலர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அப்புறம் பர்னரைப் பற்றவைத்ததும் முழி பிதுங்கும். ஆசிட்-பேஸ் டைட்ரேஷன் பழகிய கைக்கு இது வேறு மாதிரி. இங்கே குடுவை கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இண்டிகேட்டர் கிடையாது, எண்ட் பாயிண்ட் ஒரே சொட்டில் பளிச்சென்று மாறாது. பியூரெட் கழுவுவது, காற்றுக்குமிழி எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கரைசல்கள்

ஸ்டாண்டர்ட் குளுக்கோஸ்: 200 மி.கி. எடுத்து 100 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் மேக்கப் செய்யுங்கள். 1 மி.லி.யில் 2 மி.கி. இருக்கும். தேர்வில் தரும் அன்னோனையும் குறிவரை மேக்கப் செய்து, மூடியைப் பிடித்துக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்காமல் ஊற்றினால் இரண்டாவது ரீடிங் முதலாவதோடு ஒத்தே வராது.

ரீயேஜென்ட் பாட்டிலில் ‘பெனடிக்ட் குவான்டிடேட்டிவ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே பின்சேர்க்கையில் சொல்கிறேன்.

குடுவையில்

20 மி.லி. ரீயேஜென்டைப் பிப்பெட்டால் எடுத்துக் கோனிகல் ஃபிளாஸ்க்கில் விடுங்கள். நீரற்ற சோடியம் கார்பனேட் சேருங்கள். எங்கள் மானுவலில் 600 மி.கி., உங்களுடையதில் எவ்வளவோ அவ்வளவு. இரண்டு மூன்று போர்சிலின் துண்டுகளையும் போடுங்கள். அவை இல்லாவிட்டால் கரைசல் திடீரென்று துள்ளி வெளியே தெறிக்கும். குடுவை 250 மி.லி. அளவு இருப்பதே நல்லது. சின்னக் குடுவையில் நுரை கழுத்துவரை ஏறிவிடும்.

சர்க்கரைக் கரைசல் பியூரெட்டில். டெஃப்லான் குழாய் வைத்த பியூரெட் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கையாலேயே சொட்டைக் கட்டுப்படுத்தலாம், மறு கை குடுவைக்கு. ஆவி நேராகப் பியூரெட்டில் அடிக்கும் என்பதால் ஸ்டாண்டைச் சற்று உயர்த்தி, கரைசல் விடாத நேரத்தில் ஓரமாகத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கொதி நிற்கக் கூடாது

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ஆசிட்டும் பேஸும் சேர்ந்த கணமே வினை முடிந்துவிடும். குளுக்கோஸ் காப்பரை ஒடுக்குவதற்கோ நேரமும் சூடும் வேண்டும். ஆறிப்போன குடுவையில் பத்துச் சொட்டு விட்டாலும் நீலம் அப்படியே நிற்கும். ‘இன்னும் வரவில்லையே’ என்று நீங்கள் விட்டுக்கொண்டே போவீர்கள். மறுபடி கொதி வந்ததும் எல்லாம் ஒரேயடியாக வெளுத்துவிடும், டைட்டர் கூடிப்போகும்.

ஆகவே நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதலில் கொஞ்சம் வேகமாகவே விடலாம். சுண்ணாம்பு போல வெள்ளை வீழ்படிவு வந்து, நீலம் மங்கத் தொடங்கியதும் வேகத்தைக் குறையுங்கள். அதன்பின் சில சொட்டு, 10 முதல் 30 விநாடி கொதி, மறுபடி சில சொட்டு. வீழ்படிவு தடித்துவிட்டால் கடைசி நீலம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெள்ளை டைல் பின்னணியில் கரைசலின் விளிம்பைப் பாருங்கள், நடுவைப் பார்க்காதீர்கள். நீலச் சாயல் முற்றிலும் போன இடமே எண்ட் பாயிண்ட். மஞ்சள் தட்டினால் தாண்டிவிட்டீர்கள். மிஞ்சிய சர்க்கரை காரத்தில் வேகிறது. நீர் வற்றிக் கரைசல் கெட்டியானால் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் சேர்க்கலாம், தப்பில்லை.

முதல் டைட்ரேஷனை உத்தேசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது முதல், அந்த அளவுக்கு 1 மி.லி. முன்புவரை சட்டென்று விட்டு, மிச்சத்தைச் சொட்டாக விட்டால் நேரம் மிஞ்சும்.

கணக்கு

ஸ்டாண்டர்டுக்கு டைட்டர் 20.2 மி.லி. என்று வையுங்கள். 20.2 × 2 = 40.4 மி.கி. அதாவது 20 மி.லி. ரீயேஜென்ட் 40.4 மி.கி. குளுக்கோஸுக்குச் சமம். (25 மி.லி.க்கு 50 மி.கி. என்பது ஏட்டுக் கணக்கு. அதன்படி 20 மி.லி.க்கு 40. எனவே உங்கள் ஸ்டாண்டர்ட் 20-ஐ ஒட்டி வராவிட்டால் அங்கேயே நின்று சரிபாருங்கள்.)

அன்னோனுக்கு 16.4 மி.லி. வந்தால், அந்த 16.4-இல்தான் 40.4 மி.கி. இருக்கிறது. 100 மி.லி.யில் 40.4 ÷ 16.4 × 100 = 246.3 மி.கி. டைட்டர் குறைந்தால் சர்க்கரை அதிகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் விடை தலைகீழாகப் போகாது.

இங்கிருந்து வரும் வைவா

‘ஏன் V1N1 = V2N2 போடவில்லை?’ எக்ஸ்டர்னலுக்குப் பிடித்த கேள்வி. காரத்தில் குளுக்கோஸ் பல பொருள்களாக உடைந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒரு மூலக்கூறு இத்தனை காப்பரைத்தான் ஒடுக்கும் என்று முழு எண்ணில் சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்டாண்டர்டை வைத்து அளந்து, அதே வேகத்தில், அதே கொதியில் அன்னோனையும் செய்கிறோம்.

‘வீழ்படிவு ஏன் வெள்ளை?’ ரீயேஜென்டில் பொட்டாசியம் தயோசயனேட் இருப்பதால் குப்ரஸ் தயோசயனேட் உண்டாகிறது. சிவப்பு ஆக்சைடு வந்திருந்தால் நீலம் மறைவது கண்ணுக்கே தெரியாது. சிறிதளவு ஃபெரோசயனைடும் அந்தச் சிவப்பு படியாமல் பார்த்துக்கொள்கிறது. சிட்ரேட் எதற்கு என்றால், காரத்தில் காப்பர் கார்பனேட்டாக வீழ்ந்துவிடாமல் கரைசலில் பிடித்து வைக்க.

‘சர்க்கரை ஏன் பியூரெட்டில்?’ கொதிக்க வேண்டியதும் நிறம் பார்க்க வேண்டியதும் ரீயேஜென்ட், ஆகவே அது குடுவையில்.

அடுத்து யூரினுக்குத் தாவுவார்கள். 5 மி.லி. குவாலிடேட்டிவ் ரீயேஜென்டில் 8 சொட்டு யூரின், 2 நிமிடக் கொதி: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று சர்க்கரை கூடக் கூட நிறம் ஏறும். ‘பாசிட்டிவ் என்றால் சர்க்கரை நோயா?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். ‘ஒடுக்கும் பொருள் இருக்கிறது’ என்பதே சரியான பதில். பாலூட்டும் தாயின் யூரினில் லாக்டோஸ் இருக்கலாம், வைட்டமின் சி-யும் இதைக் காட்டும். குளுக்கோஸ்தானா என்று பார்க்க குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஸ்ட்ரிப் வேண்டும். குளுக்கோஸே ஆனாலும் ரீனல் கிளைகோசூரியாவாக இருக்கலாம். அதில் ரத்தச் சர்க்கரை, வழக்கமான ரீனல் த்ரெஷோல்டான 180 மி.கி./டெ.லி.யைத் தாண்டியிருக்காது.

பின்சேர்க்கை 1: ‘எனக்கு வெள்ளை வரவேயில்லை, சிவப்பாக வருகிறது’ என்று இருவர் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த குவாலிடேட்டிவ் பாட்டிலை எடுத்திருப்பீர்கள். அதில் தயோசயனேட் கிடையாது. இரண்டும் பார்வைக்கு ஒரே நீலம். குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், அதைக் காப்பாற்ற வழியில்லை.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் யூரினை நேராகப் பியூரெட்டில் ஊற்றினாராம், டைட்ரேஷன் 2.5 மி.லி.யிலேயே முடிந்துவிட்டதாம். அவ்வளவு சின்ன டைட்டரில் இரண்டு சொட்டுப் பிழையே பெரிதாகிவிடும். குவாலிடேட்டிவ் டெஸ்டில் ஆரஞ்சு வந்தால் 10 மி.லி. யூரினை 100-க்கு நீர்க்கச் செய்யுங்கள். அல்புமின் இருந்தால் அதற்கு முன்பே துளி அசிட்டிக் ஆசிட் விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிவிடுங்கள். நீர்த்த யூரினுக்கு டைட்டர் 25.0 வந்தால்: 40.4 ÷ 25.0 × 100 = 161.6 மி.கி.; பத்தால் பெருக்க, 100 மி.லி. யூரினில் 1.6 கிராம். 24 மணி நேர யூரின் 2 லிட்டர் என்று கொடுத்திருந்தால் மொத்தம் 32 கிராம் சொச்சம். அந்தப் பத்தால் பெருக்குவதை ரெக்கார்டில் தனி வரியாக எழுதுங்கள், திருத்துபவர் முதலில் தேடுவது அதைத்தான்.